பெட்டிக்குப் போத்தின கம்பளி

கோவிந்தாபுரம்
8.7.2025, செவ்வாய்

ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

தம்பின்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். கை வரல. அதனால அவர்கள்.

போன்ல பேசுனா நான் கத்துவேன், நீங்க "சரிங்க, சரிங்க"ன்னு சொல்லிட்டு வச்சுருவீங்க. நேத்தும் அப்பிடித்தான் ஆச்சு. நான் போட்ட சத்தத்துல பிள்ளை வேற முழிச்சுக்கிருச்சு. எம் மக சித்ரா என்னையப் பாத்த பார்வை இருக்கே! பேறுகாலம் பாக்க வந்தியா, டீக்கடை நடத்த வந்தியான்னு கேட்டே கேட்டுட்டா. அதனால இனி எதுன்னாலும் எழுத்துல. ஏலக்காய் லோடு எடுத்துக்கிட்டு ஜின்சன் வாரா வாரம் திங்கக்கெழம குமுளியில இருந்து இங்கிட்டு வாறான், செவ்வா காலையில திரும்புறான். அவன் கையில குடுத்து விடுங்க. நானும் அவன்கிட்டயே குடுக்குறேன்.

விசயத்துக்கு வாறேன். கரண்ட் பில்லு என் போனுக்கு வந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வாற பில்லு, போன தடவ வந்ததுக்கு ரெண்டு மடங்கு. கடையில என்ன, மில்லா ஓடுது? டீ அடுப்பு கேஸ்ல எரியுது. நாலு லைட்டு, ஒரு மிக்சி, ஒரு ஐஸ் பெட்டி. குமுளிக் குளுருக்கு ஃபேன் கூடக் கெடையாது. பெறகு எங்கிட்டுப் போச்சு அம்புட்டு கரண்டும்?

நீங்க தொழில் பழக வந்தது மே மாசம் நடுவுல. பில்லு ஏறுனதும் அப்போ இருந்துதான். நீங்க வெயிலூர்க்காரர். இங்க வந்து பாத்த பெறகுதான் தெரியுது, ஆடி பொறக்கப் போகுது, இன்னும் வேர்த்து ஊத்துது. இந்த ஊர்ல பொறந்த ஆளு கடை பெஞ்சில, அந்த ஈரத்துல, எப்பிடித் தூங்குவாரு? எதிர்த்த பேக்கரி ஜெஸ்னாகிட்ட கேட்டேன். "ராத்திரி உங்க ஷட்டர் சந்து வழியா செவப்பா வெளிச்சம் தெரியுது சேச்சி"ங்கிறா. செவப்பா வெளிச்சம்னா ஹீட்டர்தான? வேறென்ன, செவ்வாய் கிரகமா?

குளுருதுன்னு கேட்டிருந்தா நானே ரெண்டு போர்வை எடுத்துக் குடுத்திருப்பேன். சொல்லாமக் கொள்ளாம அடுத்தவ மீட்டர்ல குளிர் காயறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு.

அடுத்த திங்கக்கெழம எனக்குப் பதில் வரணும். வரலேன்னா சாவிய ஜின்சன் கையில குடுத்துட்டு ஊரு வந்து சேருங்க. இன்னொண்ணு. ஐஸ் பெட்டியச் சுத்திப் போத்தியிருக்கிறது எங்க வீட்டுக்காரரு கம்பளி. தையில அவுக போன பெறகு அவுக பேருக்கு அந்தக் கடையில இருக்கிறது அதுவும் அந்தப் பெட்டியுந்தான். அதத் தொடக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். குளுருதுன்னு அத உருவிப் போத்திராதீங்க.

சாந்தம்மாள்


குமுளி
13.7.2025, ஞாயிறு

அக்காங்களுக்கு ஈஸ்வரமூர்த்தி எழுதறதுங்க.

ரெண்டு தடவ எழுதிக் கிழிச்சுப்போட்டு இது மூணாவதுங்க. கோவத்துல எழுதுனா மரியாத கெட்டுப்போகுமின்னு கிழிச்சேன். இப்பவும் கோவம் போகலீங்க. ஆனா ஜின்சன் நாளைக்கு வெடியால கெளம்பறாரு, எழுதித்தான ஆகோணும்.

என்றகிட்ட ஹீட்டர் இல்லீங்க. ஜெஸ்னா பொய் சொல்லல, அவுங்க பாத்தது நெசந்தான். ஐஸ் பெட்டிக்கு மேல செவுத்துல ஸ்டெபிலைசர் மாட்டியிருக்குதுல்லீங்க, அதுல ஒரு செவப்பு லைட்டு விடிய விடிய எரியும். அந்த வெளிச்சந்தானுங்க. நீங்க ஊட்டுக்குப் போயிப் படுக்கற ஆளு, அதனால பாத்திருக்க மாட்டீங்க. நேத்து ஜெஸ்னாவக் கூட்டிட்டு வந்து காட்டிப்போட்டேன். அவுங்களுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, ஒரு பொட்டணம் ரஸ்க்கு குடுத்துட்டுப் போனாங்க.

சரி, பின்ன கரண்ட்டு எங்க போச்சுன்னு கேட்டீங்கல்லங்க. எனக்கும் அது தெரிஞ்சாகோணும். நாற்பத்தி நாலு வயசுல வந்து டீ ஆத்தப் பழகறன், ஏனுங்க, சும்மாவா? தென்னைக்கு நோவு வந்து காய்ப்பு விட்டுப்போச்சு. எங்கூரு செக்போஸ்டுகிட்ட ஒரு கடை போடலாமின்னு ஊட்டுக்காரி கலாமணியும் நானும் முடிவு பண்ணி, இருக்கற காட்டக் குத்தகைக்கு உட்டுப்போட்டு வந்திருக்கறன். "குமுளியில கரண்ட்டுத் திருடித் தொரத்திட்டாங்களாம்"ங்கற பேச்சு எனக்கு முன்னால கோவிந்தாபுரம் போய்ச் சேர்ந்துரும். அப்பறம் என்ற கடையில எவனுங்க டீ குடிப்பான்?

அதனால மத்தியானம் கூட்டம் ஓஞ்சதும் மீட்டருக்கு முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்துட்டனுங்க. மீட்டர்ல ஒரு சின்ன செவப்புப் புள்ளி மினுக்கும். கரண்ட்டு எச்சாப் போனா வெசையா மினுக்கும், கொறஞ்சா சாவகாசமா மினுக்கும். மொதல்ல எல்லா சுவிட்சும் அமத்துனன். புள்ளி நின்னுபோச்சு. ஆக எங்கயும் ஒழுகல, எவனும் கொக்கி போட்டு இழுக்கல. பொறவு லைட்ட மட்டும் போட்டேன். மினுக்குக்கும் மினுக்குக்கும் நடுவுல ஒரு வாய் வெத்தல மடிச்சுப் போட்டுக்கலாம், அத்தன சாவகாசம். மிக்சி போட்டா படபடன்னு அடிக்குது. ஆனா மிக்சி நாளைக்கு எத்தன நேரம் ஓடுது? சட்னிக்கு அரைச்சா முடிஞ்சுது.

கடைசியா ஐஸ் பெட்டி மட்டும். மிக்சி அளவுக்கு வெசை இல்லீங்க, ஆனா லைட்ட விட ரொம்ப வெசை. உக்காந்திருந்தன், உக்காந்திருந்தன், புள்ளி நிக்கவே இல்ல. வடைக்கு மாவு பெசையற நேரம் வந்தும் நிக்கல.

எங்க தோட்டத்து போர் மோட்டாரு இதப்போல பல மடங்கு பெருசுங்க. ஆனா நேரம் பாத்துப் போட்டு நேரம் பாத்து அமத்துவோம். இது சின்ன மோட்டாருதான், ஓய்வே இல்லாம ஓடுது. ராத்திரி முழுக்க அந்த முனகல் கேட்டுட்டேதானுங்க படுத்திருக்கறன். எல்லா ஐஸ் பெட்டியும் இப்பிடித்தான் போலிருக்குதுன்னு நெனச்சிருந்தேன்.

உங்க பில்ல ஏத்தறது பெட்டிதானுங்க. ஏன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் எழுதறன். கம்பளியத் தொடல.

ஈஸ்வரமூர்த்தி


கோவிந்தாபுரம்
15.7.2025, செவ்வாய்

தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு,

பாத்தீங்களா, தம்பி வந்துருச்சு. முழுசா வரல, பாதி வந்திருக்கு.

உங்க கடுதாசி வாங்குன கையோட கலாமணியப் பாக்கப் போனேன். சித்ரா வீட்ல இருந்து உங்க வீடு நடக்குற தூரம்னு நெனச்சுக் கெளம்பி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேந்தேன். மோர் குடுத்தா. உங்க குணம் எப்பிடின்னு சுத்தி வளச்சுக் கேட்டேன். அவ நேராச் சொல்லிட்டா: "போன் பண்ணுனா பல்லு தந்தியடிக்கறது இங்க வரைக்கும் கேக்குதுங்க அக்கா. ஹீட்டர் இருந்தா எதுக்குங்க பல்லு தந்தியடிக்குது?" எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. மோரக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

ஹீட்டர் பேச்ச நான் வாபஸ் வாங்கிட்டேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.

ஆனா பெட்டிதான் காரணங்கிறத ஒத்துக்க முடியல. அந்தப் பெட்டி போன வருசமும் இருந்துச்சு. அதுக்கு முந்துன வருசமும் இருந்துச்சு. அவுக கம்பத்துல ஒரு ஐஸ்கிரீம் ஏஜென்டுகிட்ட பழசா வாங்கிட்டு வந்தது. தேக்கடிக்கு வாற டூரிஸ்ட்டுக்கு ஐஸ்கிரீம் வைக்கலாம், மழையில ரோடு மறிச்சு பால்வண்டி வராட்டி பாக்கெட்டு இருப்பு வைக்கலாம்னு ஆசப்பட்டு வாங்குனாக. போன மழைக்கும் அதே பெட்டி, அதே கடை. பில்லு ஏறலையே? இந்த மழைக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு அதுக்கு?

புதுசா வந்தது ஒண்ணே ஒண்ணு, நீங்கதான். கோவிச்சுக்காதீங்க, கணக்கு அப்பிடித்தான வருது. அடிக்கடி மூடியத் தொறந்து போடுறீங்களா? காய்ச்சுன பால சூட்டோட உள்ள வைக்கிறீங்களா? நெஞ்சத் தொட்டு எழுதுங்க.

என் நெலம என்னன்னா, இந்தக் கடை ஒண்ணுதான் எனக்கு. இதே மாதிரி இன்னொரு பில்லு வந்தா பெட்டிய எடைக்குப் போட வேண்டியதுதான். அவுக ஆசப்பட்டு வாங்குன பெட்டி. அத எடைக்குப் போடச் சொல்லி எழுதுற நாள் வந்துறக் கூடாதுன்னுதான் உங்க மேல பழி போட்டேனோ என்னவோ.

சாந்தம்மாள்


குமுளி
20.7.2025, ஞாயிறு

அக்காங்க,

நெஞ்சத் தொட்டு எழுதறன். சூட்டுப் பால ரெண்டொரு தடவ வெச்சிருக்கறன். தப்புதான், இனி வெக்க மாட்டேன். ஆனா அது இல்லீங்க காரணம்.

இப்ப நான் எழுதப்போறது உங்களுக்குப் புடிக்காது. முழுசாப் படிச்சுப்போட்டு அப்பறம் வையுங்க.

வியாழக்கெழம காத்துல மரம் விழுந்து காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் கரண்ட்டு இல்ல. உள்ள இருக்கற பாலும் ஐஸ்கிரீமும் போச்சுன்னு நெனச்சேன். ஒண்ணும் ஆகல, கல்லாட்டம் இருந்துது. கம்பளி காப்பாத்துச்சுங்க. அதுல பொய் இல்ல.

ஓட்டுல ஒழுகற தண்ணி கம்பளியில எறங்குதோன்னு உள்ளார கைய உட்டுத் தடவிப் பாத்தேன். கம்பளிய எடுக்கல, ஓரத்துல கைய மட்டும் நொழச்சேன். ஈரம் இல்ல, பெட்டித் தகடு சும்மா சாதாரணமா இருந்துது. அப்பறம் கரண்ட்டு வந்துது. கடைய ஒழுங்கு பண்ணிட்டு சித்த நேரங்கழிச்சு மறுக்காக் கைய உட்டா, அம்மாடி! சுடுதுங்க. காய்ச்சக்காரன் நெத்தியத் தொட்டாப்பல இல்ல, அதுக்கும் மேல. கைய இழுத்துட்டேன். ஷார்ட் ஆயிருச்சுன்னு பயந்து சுவிட்ச அமத்திப்போட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஷிஜுவக் கூட்டியாந்தேன்.

அவன் தொட்டுப் பாத்துட்டுச் சிரிக்கறான். "சேட்டா, அது சூடாகத்தான் வேணும்"ங்கறான். எனக்கு வெளங்கல. ஐஸ் பெட்டி எதுக்குடா சூடாகோணுமின்னு கேட்டேன். அவன் சொன்னத என்ற பாஷையில எழுதறன்.

பெட்டி குளுர உண்டாக்கறது இல்லீங்களாம். உள்ள இருக்கற சூட்டை அள்ளி வெளிய கொட்டறதுதான் அதோட வேலை. உள்ளத் தகட்டுக்குப் பின்னால ஒரு பைப் சுத்தி ஓடுது, அது பாலுக்குள்ள இருக்கற சூட்ட வாங்கிக்குது. அந்த பைப்புக்குள்ள ஓடற கேஸ மோட்டாரு அமுக்கித் தள்ளுது. தள்ளுன கேஸ் வெளித் தகட்டுக்குப் பின்னால இன்னொரு பைப்புல சுத்தி, வாங்குன சூட்டையும் மோட்டாரோட சூட்டையும் சேத்துத் தகட்டு வழியாக் காத்துல உடுது. சில பெட்டிக்கு அந்த பைப்பு கம்பி வலையாட்டம் பின்னால வெளிய தெரியும். நம்ம பெட்டிக்கு நாலு பக்கத் தகட்டுக்குள்ளயே ஒளிஞ்சிருக்குது. அதுதான் சங்கதி.

அந்தத் தகட்டுமேலதான் நாம கம்பளியப் போத்தியிருக்கறோம்.

மடைய அடைச்சுப்போட்டு மோட்டார் ஓட்டுனா என்னங்க ஆகும்? அதான் ஆகுது. சூடு வெளிய போகாம தேங்கி நிக்குது. உள்ள போதுமான குளுரு வந்தாத்தான் மோட்டாரு தானா அமரும். குளுரு வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகுது, அதனால அமரறதே இல்ல. ராத்திரி பகல் அது முனகறது அதுக்குத்தானுங்க.

போன மழைக்கு ஏறாத பில்லு இந்த மழைக்கு ஏன் ஏறுச்சுன்னு கேட்டீங்க. புதுசா வந்தது நான் மட்டுமான்னு யோசிச்சுப் பாத்தேன். கம்பளியும்தானுங்க. நான் வந்த சித்த நாள்ல, மழை புடிச்சதும், நீங்கதான் பெட்டியச் சுத்திப் போத்திக் கயிறு கட்டுனீங்க. "இனி இது இங்கயே இருக்கும்"ன்னு சொன்னீங்க. நான்தான் கயித்தோட ஒரு முனையப் புடிச்சுட்டிருந்தேன்.

கரண்ட்டு இல்லாதப்ப கம்பளி நல்லது. கரண்ட்டு இருக்கறப்ப கெடுதி. இவ்வளவுதானுங்க.

ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துப் பாக்க உத்தரவு குடுங்க. நீங்க சொல்லாம நான் தொட மாட்டேன். கட்டுன கயிறு கட்டுனபடியே இருக்குதுங்க.

ஈஸ்வரமூர்த்தி


கோவிந்தாபுரம்
21.7.2025, திங்கள் சாயந்தரம்

ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு,

ஆமா, அவர்கள்தான்.

ஆளு மேல போட்ட பழி நிக்கலேன்னதும் செத்த மனுசன் கம்பளி மேல பழியா? அவுகளால எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல. அது அவுக கண்டு சொன்ன வழி. கரண்ட் போனா கம்பளியப் போத்து சாந்தா, குளுரு தங்கும்னு அவுகதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாக. ஐஸ் விக்கிறவன் சாக்கு போட்டுச் சுத்தி வைக்கிறதில்லையா? மரத்தூள் போட்டு மூடுறதில்லையா? குளுரப் பொத்தி வச்சா கரண்ட் மிச்சமாகுமா, கூடுமா? சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.

எடுக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.

22.7.2025, செவ்வாய் காலை

மேல எழுதுனதக் கிழிக்கலாம்னு பாத்தேன். நீங்க ரெண்டு தடவ கிழிச்சீங்கல்ல. நான் கிழிக்கல. என் புத்தி எப்பிடிப் போகுதுன்னு நீங்களும் பாத்துக்கிருங்க.

காலையில பிள்ளைக்கு வெந்நி போடுறப்ப சித்ரா வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னேன். சும்மா, சும்மாதான், அதோட பக்கவாட்டத் தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருக்கு. மருமகன்கிட்ட கேட்டேன், "இது ஏன் சுடுது"ன்னு. "அது அப்படித்தானுங்க அத்தே இருக்கும், அதனாலதான் செவுத்துல ஒட்டாமத் தள்ளி வெக்கச் சொல்லிருக்காங்க"ங்கிறாரு. அவருக்கு அது ஒரு விசயமே இல்ல. நான் இன்னொரு தடவ தொட்டுப் பாத்தேன்.

ஐஸ்காரன் சாக்குக்குள்ள மோட்டார் இல்ல. அது இப்பத்தான் உறைக்குது. அவன் ஐஸ் சும்மா கெடக்கு, பொத்தி வச்சா போதும். நம்ம பெட்டி சும்மா கெடக்கல.

கம்பளிய அவிழ்த்துப் பாருங்க. முடிச்ச வெட்டாதீங்க, பிரிங்க. தரையில போடாதீங்க. மடிச்சுக் கல்லாப்பெட்டி மேல வைங்க. நீங்க சொல்றது சரியா இருந்துறக் கூடாதுன்னு ஒரு மனசும், சரியா இருந்துட்டா பெட்டிய எடைக்குப் போட வேண்டாமேன்னு ஒரு மனசும் கெடந்து அடிச்சுக்கிருது. சீக்கிரம் எழுதுங்க.

சாந்தம்மாள்


குமுளி
3.8.2025, ஞாயிறு

அக்காங்க,

போன வாரம் மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ஜின்சனால அங்க வர முடியல. போன்ல சொல்லிரலாமின்னு எடுத்து எடுத்து வெச்சுட்டேன். எழுத்துலதான்னு நீங்க சொன்னது ஒண்ணு. இதப் போன்ல சொன்னா நீங்க அழுதா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியாதுங்கறது இன்னொண்ணு.

புதன்கெழம காலையில டீக்கூட்டம் போனதும் கயித்தப் பிரிச்சேன். வெட்டல. ரொம்ப நேரமாகியும் ஒண்ணும் மாறல, முனகிட்டேதான் இருந்துது. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு, அக்காகிட்ட இத்தன பெருசா எழுதிப்போட்டமேன்னு. மத்தியானம் வடை போட்டுட்டிருக்கறேன், கடையில ஏழெட்டுப் பேரு. டக்குன்னு ஒரு சத்தம். அப்பறம் ஒரு சத்தமும் இல்ல. பேசிட்டிருந்தவங்கெல்லாம் பேச்ச நிறுத்திப்போட்டு மேல பாக்கறாங்க. ஒருத்தரு "கரண்ட் போச்சா?"ன்னு கேட்டாரு. லைட்டு எரிஞ்சுட்டு இருக்குது! பெட்டி ஓய்வெடுக்குதுங்க. இந்தக் கடை இத்தன அமைதியாக் கெடந்து நான் பாத்ததே இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, எண்ண தெறிச்சுதுன்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.

ஆனா அக்காங்க, பழிய முழுக்கக் கம்பளி மேல போட்டா அதுவும் பொய்யிங்க. சித்த நேரந்தான் ஓஞ்சுது, மறுக்கா ஓட ஆரம்பிச்சுது. உள்ள பாத்தா செவுரு பூரா மூணு வெரல் தடிமனுக்கு ஐஸ் கட்டியிருக்குது. அந்த ஐஸே ஒரு கம்பளியாட்டம் குறுக்க நிக்குதுங்க, பால்ல இருக்கற சூடு பைப்புக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. எதனால இத்தன ஐஸுன்னு பாத்தா, மூடி ரப்பரு ஒரு மூலையில பிஞ்சிருக்குது. மூடிக்கு நடுவுல ஒரு ரூவா நோட்ட வெச்சு மூடி இழுத்துப் பாத்தேன். மத்த பக்கம் புடிச்சு நிக்குது, அந்த மூலையில நோட்டு வழுக்கிட்டு வருது. அது வழியா ஈரக்காத்து உள்ள போயி உறைஞ்சுருது. குமுளி ஈரத்தப் பத்தி நான் சொல்லோணுங்களா?

பாலையும் ஐஸ்கிரீமையும் ஜெஸ்னா அவுங்க பெட்டியில ஒரு நாளைக்கு வெச்சுக்கிட்டாங்க. நான் சுவிட்ச அமத்தி மூடியத் தெறந்து வெந்நிச் சட்டிய உள்ள வெச்சு உருக்குனேன். நீங்க புரோட்டா சட்டுவத்தால கொத்தி எடுப்பீங்கன்னு ஜின்சன் சொன்னாரு. கும்புடறேங்க, இனிக் கொத்தாதீங்க. தகட்டுக்குப் பின்னாலதான் பைப்பு, ஒரு குத்து பட்டா கேஸ் போயிரும், அப்பறம் எடைக்குத்தான். ரப்பர ஷிஜு மாத்திட்டான். மோட்டாருக்கிட்ட டீத்தூளும் தூசியும் அடைஞ்சு கெடந்ததத் தொடைச்சுட்டு, அடுப்புக்குப் பக்கத்துல இருந்த பெட்டிய இந்தப் பக்கம் நகத்தி, செவுத்துக்கும் அதுக்கும் நடுவுல கை போற எடம் உட்டு வெச்சிருக்கறேன்.

மீட்டரப் பாத்துப் போட்ட கணக்குல, முந்தி ஒரு நாளைக்குப் பெட்டிக்கு மட்டும் ஏழு யூனிட் ஓடுச்சு. இப்ப மூணுக்குக் கொஞ்சம் மேல. பெட்டி நல்ல பெட்டிங்க. எடைக்குப் போட வேண்டாம்.

இன்னொண்ணு எழுதோணும். கம்பளிய மடிச்சுக் கல்லாப்பெட்டி மேல வெச்சிருக்கறதப் பாத்துட்டு ஜின்சன் சொன்னாரு: "சங்கையா அண்ணன் இப்படி வெக்க மாட்டாரே. கரண்ட் போனாப் பெட்டிக்குப் போத்துவாரு, கரண்ட் வந்ததும் உருவித் தன் தோள்ல போட்டுக்குவாரு. மழைக்காலம் பூரா இதே வேலைதான்"ன்னு. உங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குதுங்க. தப்பு அவுங்களோடது இல்ல. இத உங்களுக்குச் சொல்லோணுமின்னுதான் ஜின்சன் லோடு எப்பக் கெளம்புமின்னு காத்துட்டு இருந்தேன்.

கம்பளிய என்ன பண்றதுங்க? சொல்லி உடுங்க.

ஈஸ்வரமூர்த்தி


கோவிந்தாபுரம்
5.8.2025, செவ்வாய்

தம்பி,

இது முழுத் தம்பி. தம்பின்னு கூப்புட்டுட்டு நீங்க நாங்கன்னு என்ன வேண்டிக்கெடக்கு, இனி நீதான்.

உன்னையத் திருடன்னு சொன்னேன். சொல்லல, எழுதவே செஞ்சேன். என்னைய மன்னிச்சுரு. கலாமணிகிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்தேன். இந்தத் தடவையும் மோர்தான் குடுத்தா, ஆனா கருவேப்பிலை போட்டுக் குடுத்தா. கடை போடுறப்ப பாய்லர் நான் வாங்கித் தாறேன்னு சொல்லியிருக்கேன். அவ வேண்டாம்னா. நீயும் வேண்டாம்னு எழுதாத, எனக்குக் கோவம் வரும்.

ஜின்சன் சொன்னது எனக்குத் தெரியாதது இல்ல தம்பி. கரண்ட் வந்ததும் அவுக கம்பளிய உருவுவாக, நான் சண்டைக்குப் போவேன். "பெட்டிக்குப் போத்துனத எடுத்து நீரு போத்திக்கிறீரு, பாலு கெட்டா உம்ம கம்பளியா விக்கும்?"னு கடை நெறய ஆளு இருக்கிறப்பவே கேட்டிருக்கேன். போன மழைக்கு அவுகளுக்கு இருமல் வேற. குளுருது, அதான் உருவுறாகன்னு நெனச்சேன். ஏன் எடுக்குறீகன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவுகளும் சொல்லல. நான் வையுறதக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே டீ ஆத்துவாக.

அவுக போன பெறகு முத மழை வந்துச்சுல்ல. அன்னிக்குத்தான் அதப் பெட்டியில கயிறு போட்டுக் கட்டுனேன். அவுக ஒழுங்காச் செய்யாம விட்டத நான் ஒழுங்காச் செய்யிறதா நெனப்பு எனக்கு.

எழுதுறப்ப அழுகிறேன்தான். சித்ரா கேட்டதுக்கு வெயிலு கண்ணக் கூசுதுன்னு சொல்லிட்டேன். உனக்கு எண்ணெய், எனக்கு வெயிலு.

கம்பளிய என்ன செய்யன்னு கேட்டிருக்க. வெயிலு அடிக்கிற அன்னிக்கு உதறிக் காயப்போடு. ராத்திரி நீ போத்திக்க. உருவிராதன்னு முத கடுதாசியில எழுதுனவதான் இப்பச் சொல்றேன், போத்திக்க. கரண்ட் போனா மட்டும் எந்திரிச்சுப் பெட்டிக்குக் குடு. கரண்ட் வந்ததும் திரும்ப வாங்கிக்க.

ஜின்சன் ஆரன் அடிக்கிறான். இத்தோட நிறுத்துறேன்.

அக்கா